வெளிநாட்டில் வாங்கும் கேமிங் சாதனம்: ப்ளக் சின்னச் செலவு, வாரண்டி பெரிய செலவு

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் கேமிங் சாதனத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு. இங்குள்ள மின்சாரத்தில் அது ஓடுமா? பழுதானால் இங்கே யார் பார்த்துத் தருவார்கள்? முதல் கேள்விக்கான பதில் சாதனத்தின் பின்பக்கத்திலோ அடாப்டரின் அடியிலோ பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். கடையில் நின்றபடியே படித்துவிடலாம். இரண்டாவது கேள்விக்கான பதில் பெட்டியில் தெளிவாக எழுதியிருப்பது அபூர்வம். சிங்கப்பூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்கும் உறவினரிடம் வரும்போது ஒன்று வாங்கி வரச் சொல்பவர்கள் பெரும்பாலும் ப்ளக்கைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கையைச் சுடுவது வாரண்டி.

மின்சாரத்திலிருந்து தொடங்கலாம். இந்திய வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இலங்கையிலும் அதேதான். சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், பிரிட்டன் ஆகியவையும் ஏறக்குறைய இதே கணக்கில் இருப்பவை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். அதிலும் டோக்கியோ இருக்கும் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா இருக்கும் மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ். ஆகவே வோல்டேஜைப் பற்றி யோசிக்க வேண்டியது அமெரிக்கா, கனடா, ஜப்பான், தைவான் போன்ற இடங்களில் வாங்கிய பொருளுக்குத்தான். சிங்கப்பூரிலோ துபாயிலோ வாங்கியதற்குப் ப்ளக்கின் வடிவம் மட்டுமே வேறு.

லேபிளில் பார்க்க வேண்டிய வரி ஒன்றே ஒன்று: INPUT: 100-240V~ 50-60Hz. இப்படி அச்சாகியிருந்தால் அந்தச் சாதனம் உலகில் எந்த வீட்டு மின்சாரத்திலும் ஓடும். இன்றைய கேமிங் லேப்டாப் அடாப்டர்கள் ஏறக்குறைய அனைத்தும், நின்டெண்டோ ஸ்விட்ச், ஸ்டீம் டெக் போன்ற கையடக்கக் கருவிகளின் சார்ஜர்களும் இந்த வகைதான். இவற்றுக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் சுற்று, வரும் மின்சாரத்தை முதலில் டிசி ஆக்கிவிட்டு, பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வேண்டிய அளவுக்குக் குறைக்கிறது. அதனால் வருவது 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. 240 என்று அச்சிட்டிருந்தாலும் பத்து சதவீதம் கூடுதலாக, அதாவது 264 வோல்ட் வரை தாங்கும்படி வடிவமைப்பது தயாரிப்பாளர்களின் வழக்கம். இரவு நேரத்தில் வோல்டேஜ் 250-ஐத் தொடும் தெருக்களில் இருப்பவர்கள் அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

அந்த வரியில் 100-127V என்றோ AC 100V என்றோ மட்டும் இருந்தால் கதை வேறு. எக்ஸ்பாக்ஸ் 360-க்கும், 2013-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் செங்கல் போன்ற தனிப் பவர் அடாப்டர் இருந்தது. அமெரிக்காவில் விற்றவை அங்குள்ள வோல்டேஜுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. டோக்கியோவின் அகிஹபாராவில் பழைய சூப்பர் ஃபேமிகாம் வாங்கி வருபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதன் அடாப்டருக்குள் இருப்பது இரும்பு உள்ளகத்தில் செம்புக் கம்பி சுற்றிய சாதாரண டிரான்ஸ்ஃபார்மர். அது உள்ளே வருவதை ஒரே விகிதத்தில் குறைக்கும். 230 வோல்ட் கொடுத்தால் வெளியே வருவதும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். அதோடு உள்ளகம் காந்தத்தில் நிறைவுற்று, சுற்றுக்கம்பி சூடேறிக் கருகும். சுவரில் செருகிய சில நிமிடங்களில் வரும் வார்னிஷ் கருகும் வாடைதான் அடையாளம். அந்த வாடை வந்தபின் அடாப்டரைக் காப்பாற்ற முடியாது. கன்சோல் பிழைத்தால் அதிர்ஷ்டம்.

இத்தகைய பொருளுக்கு வழி, 230-ஐ 110 அல்லது 100 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். சாதனம் எடுக்கும் வாட்டைவிட அதன் திறன் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். 200 வாட் எடுக்கும் கன்சோலுக்கு 300 வாட் டிரான்ஸ்ஃபார்மர் என்று வைத்துக்கொள்ளலாம். அது இரண்டு மூன்று கிலோ கனக்கும். அதே வாட் எண்ணை அச்சிட்டுக்கொண்டு, உள்ளங்கையில் அடங்கும் எடையில்லாத ‘கன்வெர்ட்டர்’களும் பயணக் கடைகளில் கிடைக்கின்றன. அவை மின்னலையை வெட்டி மட்டுமே குறைப்பவை. ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ் போன்ற சூடாக்கும் கருவிகளுக்கானவை. மின்னணுச் சாதனத்தை அதில் மாட்டக் கூடாது. எடையே இங்கே நல்ல பரிசோதனை.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் இன்னொரு பொறி இருக்கிறது. பழைய, மலிவான யூனிட்களின் பின்புறத்தில் 115 / 230 என்று எழுதிய சிறிய சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். அமெரிக்காவில் பயன்படுத்திய கம்ப்யூட்டரில் அது 115-இல் நிற்கும். அந்த நிலையில் உள்ளே இருக்கும் சுற்று, வரும் வோல்டேஜை இரண்டு மடங்காக்கித் தன் இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களில் பகிர்ந்து நிரப்புகிறது. 115 வோல்ட்டின் உச்சம் சுமார் 160 வோல்ட். ஒவ்வொரு கெப்பாசிட்டரும் 200 வோல்ட் வரை தாங்கக்கூடியது என்பதால் சிக்கல் இல்லை. இந்திய மின்சாரத்தின் உச்சமோ சுமார் 325 வோல்ட். 200 தாங்கும் கெப்பாசிட்டரில் 325 ஏறினால் பட்டாசுச் சத்தத்தோடு வெடிக்கும். ஸ்விட்சை முன்கூட்டியே 230-க்குத் தள்ளியிருந்தால் எதுவுமே நடந்திருக்காது. இன்றைய தரமான பவர் சப்ளைகளில் இந்த ஸ்விட்ச் இல்லை, தானாகவே சரிப்படுத்திக்கொள்ளும். பின்னால் ஸ்விட்ச் தெரிந்தால்தான் கவனம் வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கொண்டுவரவே கூடாத ஒன்று, அங்கே வாங்கிய ஸ்பைக் கார்டு. பல துளைகள் கொண்ட நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அமெரிக்கப் ப்ளக்குகளை அப்படியே செருகலாம் என்று ஆசை காட்டும். ஆனால் அதற்குள் திடீர் மின்னேற்றத்தை விழுங்குவதற்காக வைத்திருக்கும் வேரிஸ்டர் 120 வோல்ட் கணக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டது. இங்கே சாதாரண மின்சாரமே அதன் கண்ணுக்கு ஆபத்தான ஏற்றமாகத் தெரியும். அது ஓயாமல் மின்சாரத்தைக் கடத்திச் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். அங்கே விற்கும் யுபிஎஸ் கதையும் அதுதான். மின்சாரத்தைக் காக்கும் கருவிகளை இருக்கும் நாட்டிலேயே வாங்குவதுதான் முறை.

வோல்டேஜ் பொருந்திவிட்டால் ப்ளக் பெரிய விஷயமே அல்ல. ஏனென்றால் பெரும்பாலான கேமிங் சாதனங்களில் கேபிள் தனியாகக் கழலும். பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸுக்கும் எட்டு வடிவ முனை கொண்ட கேபிள். பல லேப்டாப் அடாப்டர்களுக்கு மூன்று இலை வடிவ முனை. டெஸ்க்டாப்புக்கும் சில பெரிய லேப்டாப் அடாப்டர்களுக்கும் கம்ப்யூட்டர் கேபிள் என்று கடைகளில் சொல்லும் சி13 முனை. இம்மூன்றும் சர்வதேசத் தர வடிவங்கள். சாதனத்தின் பக்கம் முனை மாறாது. சுவரின் பக்கம் மட்டுமே மாறும். ரிச்சி தெருவிலோ உள்ளூர்க் கம்ப்யூட்டர் கடையிலோ ஐஎஸ்ஐ முத்திரையிட்ட இந்தியக் கேபிள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சாதனத்தோடு வந்த கேபிளைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு இதை மாட்டுவதுதான் முழுமையான தீர்வு.

பயண அடாப்டரைப் போட்டு ஒப்பேற்றுவதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். கெடுதல் எர்த்தில் இருக்கிறது. சிங்கப்பூர், துபாய்ப் ப்ளக்கில் தட்டையான மூன்று கால்கள். இந்தியப் ப்ளக்கில் உருண்டையான மூன்று கால்கள். இடையில் செருகும் மலிவான அடாப்டர் பலவற்றில் மூன்றாவது கால் வெறும் பிளாஸ்டிக், அல்லது இரண்டே கால்கள். கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்டுவதற்காக லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோகப் பெட்டிக்கு ஆளுக்கொரு சிறிய கெப்பாசிட்டர் இணைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு தரைக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி, மின்சாரத்தின் பாதி வோல்டேஜில், அதாவது சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கசியும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் ஆளை அடிக்காது. ஆனால் கேபினெட்டை அல்லது லேப்டாப்பின் உலோக மேற்பரப்பைப் புறங்கையால் தடவினால் மெல்லிய அதிர்வு போல உணரலாம், டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். இந்த நிலையில் இன்னொரு எர்த்தில் இருக்கும் டிவியோடு எச்டிஎம்ஐ கேபிளை இணைக்கும் கணத்தில் பொறி பறந்து போர்ட் போவதுண்டு. பழுதுபார்ப்பவர்கள் போர்ட்டை மாற்றித் தருவார்கள். காரணம் சுவரில் அப்படியே இருக்கும். எட்டு வடிவ முனை உள்ள கன்சோல்கள் மட்டும் எர்த் தேவைப்படாதபடி இரட்டைக் காப்போடு செய்யப்பட்டவை. அவற்றுக்கு இரண்டு பின் போதும்.

இந்திய ஸ்விட்ச் போர்டுகளில் இப்போது பரவலாக இருக்கும், எல்லா நாட்டுப் ப்ளக்கையும் ஏற்கும் சாக்கெட்டுகளை நம்பியும் சிலர் அப்படியே செருகிவிடுகிறார்கள். பிடிமானம் தளர்வாக இருக்கும்; 300 வாட்டுக்கு மேல் மணிக்கணக்கில் இழுக்கும் கேமிங் கம்ப்யூட்டருக்கு அது நல்லதல்ல. ப்ளக்கைத் தொட்டால் சூடாக இருந்தால் அதுவே எச்சரிக்கை.

இதுவரை சொன்ன எல்லாச் சிக்கலும் சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபாயில் தீர்பவை. வாரண்டி அப்படியல்ல.

வாரண்டி என்பது பொருளோடு ஒட்டிவரும் குணம் என்ற எண்ணம் பொதுவாக இருக்கிறது. உண்மையில் அது ஒரு குறிப்பிட்ட நாட்டிலோ பகுதியிலோ இயங்கும் கிளை நிறுவனம் அல்லது இறக்குமதியாளர் கொடுக்கும் வாக்குறுதி. இந்தியாவில் விற்கும் கிராஃபிக்ஸ் கார்டின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். கார்டு பழுதானால் பொதுவாக அந்த இறக்குமதியாளர் வழியாகத்தான் மாற்றிக் கிடைக்கும். அதற்கான செலவு அவர் விற்ற விலையிலேயே அடங்கியிருக்கிறது. வெளிநாட்டில் வாங்கிய கார்டை அவர் விற்கவில்லை, அதில் அவருக்கு வருமானமும் இல்லை. சர்வீஸ் சென்டரில் மறுப்பதைப் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

எந்தப் பகுதிக்கான பொருள் என்பதைச் சொல்வது கடை இருக்கும் நாடு அல்ல, சீரியல் எண். துபாய்க் கடை ஒன்று அமெரிக்காவுக்காகச் செய்த லேப்டாப்பை மொத்தமாக வாங்கி விற்கலாம். பில் துபாய்க்கு, வாரண்டி அமெரிக்காவுக்கு. ‘இன்டர்நேஷனல் வாரண்டி’ என்று கடைக்காரர் சொல்வது சில சமயம் அந்தக் கடையே தரும் ஷாப் வாரண்டியாக இருக்கும். அதற்கு அந்த ஊர் எல்லைக்கு வெளியே மதிப்பில்லை. இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, பணம் கொடுக்கும் முன் பெட்டியின் பக்கத்தில் உள்ள சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் சப்போர்ட் பக்கத்தில் போட்டுப் பார்ப்பது. வாரண்டி முடியும் தேதி தெரியும். சில நிறுவனங்கள் பொருள் எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்பதையும் காட்டும். வாங்கியது இன்றைக்கு, ஆனால் வாரண்டி ஐந்து மாதத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று காட்டினால், கணக்கு தயாரிப்பு அல்லது அனுப்பிய தேதியிலிருந்து ஓடுகிறது என்று பொருள். பில்லைக் காட்டித் திருத்திக்கொள்ளலாம். அதற்குப் பெயர், தேதி, சீரியல் எண் மூன்றும் உள்ள பில் வேண்டும். வெப்பத்தாளில் அடித்த பில் ஒரு கோடையில் வெளுத்துவிடும் என்பதால் அன்றே படம் எடுத்து வைப்பது நல்லது.

ஓர் உதாரணத்தைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் 80,000 ரூபாய் விலையுள்ள ஒரு கிராஃபிக்ஸ் கார்டு அமெரிக்காவில் 68,000 ரூபாய்க்குச் சமமான விலையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்குப் ப்ளக்கும் இல்லை, வோல்டேஜும் இல்லை. கம்ப்யூட்டருக்குள் செருகினால் ஓடும். பன்னிரண்டாயிரம் ரூபாய் மிச்சம் போலத் தெரிகிறது. எட்டாவது மாதத்தில் திரையில் கோடு விழுகிறது. இந்திய இறக்குமதியாளர் சீரியல் எண்ணைப் பார்த்துவிட்டு முடியாது என்கிறார். வாரண்டி அமெரிக்காவில் செல்லும். ஆனால் அங்குள்ள மையம், மாற்றுக் கார்டை அமெரிக்க முகவரிக்கு மட்டுமே அனுப்புவது வழக்கம். கூரியரில் அனுப்பினால் போக ஒரு செலவு, அங்கே வாங்கித் திருப்பி அனுப்ப ஓர் ஆள், வர ஒரு செலவு. அதற்கு மேல் சுங்கம். பழுதுபார்த்துத் திரும்பும் பொருளுக்கு இந்தியச் சுங்கத்தில் சலுகை உண்டு: பழுதுச் செலவுக்கும் அனுப்பும் செலவுக்கும் காப்பீட்டுக்கும் மட்டுமே வரி. ஆனால் போன பொருளே திரும்பி வந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கிராஃபிக்ஸ் கார்டைப் பழுதுபார்ப்பதற்குப் பதில் வேறு கார்டு கொடுப்பதே பெரும்பாலும் நடப்பது; சீரியல் எண் மாறிவிட்டால் அது சுங்கத்தின் கண்ணில் புதிய இறக்குமதி. மிச்சமான பன்னிரண்டாயிரம் இதில் கரைந்துவிடும். அடுத்த மாதம் ஊருக்கு வருபவர் எவராவது கையோடு எடுத்துப்போய் மாற்றிக்கொண்டு வர முடியுமென்றால் மட்டுமே இந்தக் கணக்கு நேராகும்.

லேப்டாப்பில் நிலைமை இதைவிட நல்லது. பயணம் செய்பவர்கள் வாங்கும் பொருள் என்பதால் சில நிறுவனங்கள் நாடு தாண்டிய வாரண்டியை முறையாகவே வைத்திருக்கின்றன. லெனோவோவிடம் ‘இன்டர்நேஷனல் வாரண்டி சர்வீஸ்’, ஏசரிடம் ‘இன்டர்நேஷனல் டிராவலர்ஸ் வாரண்டி’ என்ற ஏற்பாடுகள் உண்டு. டெல் நிறுவனத்தில் சாதனத்தின் சர்வீஸ் டேகை இந்தியாவுக்கு மாற்றப் பதிவு செய்ய வேண்டும். இவற்றிலும் பொடி எழுத்து இருக்கிறது. எல்லா மாடலுக்கும் பொருந்தாது. அந்த மாடலை நிறுவனம் இந்தியாவிலும் விற்றால்தான் பெரும்பாலும் செல்லும். அமெரிக்காவில் மட்டும் விற்கும் சலுகை விலை மாடலுக்கு உதிரிப் பாகம் இங்கே இருக்காது. இருந்தாலும் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். வீட்டுக்கு வந்து பார்க்கும் வாரண்டி, நாடு மாறியதும் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப்போகும் வாரண்டியாகச் சுருங்குவதும் உண்டு. ஜப்பானிய எழுத்துள்ள கீபோர்டு பழுதானால் அதே கீபோர்டு இங்கே கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சுங்க விதியிலும் லேப்டாப்புக்கு ஒரு சௌகரியம்: 18 வயது நிறைந்த பயணி ஒரு லேப்டாப்பை வரியின்றிக் கொண்டுவரலாம். கன்சோலுக்கு அந்தத் தனிச் சலுகை கிடையாது. அது பொதுவான பயண வரம்புக்குள் கணக்காகும்.

கன்சோல்களில் தயாரிப்பாளர்கள் கறாராக இருக்கிறார்கள். பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் வாரண்டி வாங்கிய நாடு அல்லது பகுதியோடு முடிகிறது. நின்டெண்டோ ஸ்விட்சும் ஸ்டீம் டெக்கும் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படுவதே இல்லை. ஆகவே எங்கே வாங்கினாலும் இங்கே சர்வீஸ் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இவற்றில் பேட்டரி இருப்பது இன்னொரு தலைவலி. உப்பிய அல்லது பழுதடைந்த லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்ற அனுமதி இல்லை. மிக அதிகமாக வரும் பழுதுகளில் ஒன்றுக்கு, பொருளைத் திருப்பி அனுப்பும் வழியே அடைபட்டிருக்கிறது.

பகுதி என்பது வாரண்டிக்கு மட்டுமல்ல, பொருளின் உள்ளேயே பூட்டப்படுவதும் இப்போது தொடங்கியிருக்கிறது. 2025 ஜூன் 5-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2, ஜப்பானில் இரண்டு விதமாக விற்கப்படுகிறது. வெளியானபோது ஒன்றின் விலை 49,980 யென், இன்னொன்று 69,980 யென். இருபதாயிரம் யென் வித்தியாசத்தைப் பார்த்து முதலாவதை வாங்கி வருபவருக்கு வீட்டில்தான் விஷயம் புரியும்: அதன் திரை மொழி ஜப்பானியம் மட்டுமே, ஜப்பான் நாட்டுக்குப் பதிவுசெய்த நின்டெண்டோ கணக்கை மட்டுமே அது ஏற்கும். சார்ஜர் இந்திய மின்சாரத்தில் அருமையாக வேலை செய்யும். ஆனால் வைத்திருப்பவரின் பழைய கணக்கும், அதில் வாங்கிய கேம்களும் அதற்குள் நுழையாது. பல மொழி என்று குறித்த விலை கூடிய பெட்டிதான் வெளிநாட்டவருக்கானது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், இந்தியாவிலும் விற்கும் மாடலாக, சர்வதேச வாரண்டியைச் சீரியல் எண் மூலம் உறுதிசெய்த லேப்டாப்பை வெளிநாட்டில் வாங்குவது நியாயமான பேரம். இங்கே விற்கவே விற்காத ஸ்விட்சையோ ஸ்டீம் டெக்கையோ வாங்குபவர் வாரண்டி பூஜ்யம் என்று மனத்தில் வைத்தே வாங்கலாம். உள்ளூரில் ஷாப் வாரண்டியோடு விற்பவரிடம் வாங்கினாலும் நிலைமை பெரிதாக மாறாது. விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டும், இந்தியக் கடையில் கிடைக்கும் கன்சோலும் விலை வித்தியாசம் கால் பங்குக்குக் குறைவாக இருந்தால் ஊரிலேயே வாங்க வேண்டியவை.